போட்டோவில் வந்த எறிபொருள் கணக்கு: திசைவேகத்தைப் பிரிப்பதும் பாதையை வரைந்து சரிபார்ப்பதும்

இயற்பியல் வினாத்தாளின் ஒரு பக்கம் மொபைலில் படம் பிடிக்கப்பட்டு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இப்படி ஒரு கணக்கு:

"50 மீட்டர் உயரமுள்ள செங்குத்தான பாறையின் உச்சியிலிருந்து ஒரு பந்து 25 m s⁻¹ வேகத்தில், படத்தில் காட்டியபடி, மேல்நோக்கிச் சாய்வாக எறியப்படுகிறது. (அ) பந்து தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? (ஆ) பாறையின் அடியிலிருந்து எவ்வளவு தொலைவில் விழும்? (இ) தரையிலிருந்து அது எட்டும் பெரும உயரம் என்ன? (ஈ) தரையில் மோதும்போது அதன் திசைவேகம் என்ன? காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும். g = 10 m s⁻²."

பக்கத்தில் ஒரு சின்னப் படம். பாறை, அதன் உச்சியிலிருந்து கிளம்பும் ஓர் அம்புக்குறி, அங்கிருந்து மேலே ஏறி வளைந்து தரைக்கு இறங்கும் ஒரு கோடு. அம்புக்குறிக்குப் பக்கத்தில் 53° என்று எழுதியிருக்கிறது.

இந்த ஒரே கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். பந்து எறிந்த மட்டத்திலேயே திரும்ப விழும் கணக்குகளுக்குத் தயாரான சூத்திரங்கள் இருக்கின்றன. உயரத்திலிருந்து எறியும் கணக்கில் அவை அப்படியே உதவாது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். திசைவேகத்தை ஏன் பிரிக்கிறோம் என்பது இதில் நன்றாகப் புரியும்.

முதலில் போட்டோவைச் சரியாகப் படியுங்கள்

பேனாவை எடுக்குமுன் படத்தைப் பெரிதாக்கி எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிகிரிக் குறி ஒரு சின்ன வட்டம். படம் கொஞ்சம் மங்கினால் அது பூஜ்யம்போலத் தெரியும், 53° என்பது 530 ஆகிவிடும். 530 என்றால் தவறு உடனே தெரிந்துவிடும். ஆனால் 5° என்பதை 50 என்று படித்துவிட்டால் எந்தச் சந்தேகமும் வராது. தசமப் புள்ளியும் இதே மாதிரிதான். 2.5 ஆ 25 ஆ என்று சந்தேகம் வந்தால் கணக்கில் உள்ள மற்ற எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அலகின் மேல் உள்ள ⁻¹, ⁻² ஆகியவற்றில் அந்தச் சிறு கோடு அழிந்துபோவதும் சகஜம்.

அடுத்து g. சில தாள்களில் அது கணக்கின் முடிவில் இருக்கும், சிலவற்றில் தாளின் முதல் பக்கத்தில் பொது அறிவுறுத்தலாக ஒரே ஒரு முறை இருக்கும். ஒரு கணக்கை மட்டும் வெட்டி அனுப்பினால் அந்த வரி போட்டோவில் வராது. 9.8 ஆ 10 ஆ என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தக் கணக்கில் 10 க்குப் பதில் 9.8 போட்டால் பந்து விழும் தொலைவு சுமார் 1.5 மீட்டர் கூடிவிடும்.

இனி கோணம். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 53° என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வில் வரைந்திருப்பார்கள். அந்த வில்லின் இரண்டு முனைகளும் எந்தெந்தக் கோடுகளைத் தொடுகின்றன என்று பாருங்கள். ஒரு முனை அம்புக்குறியைத் தொடும். இன்னொரு முனை கிடைத்தளமான புள்ளிக்கோட்டைத் தொட்டால் கோணம் கிடைத்தளத்திலிருந்து அளக்கப்பட்டது. மேலே நிமிர்ந்து நிற்கும் புள்ளிக்கோட்டைத் தொட்டால் அது செங்குத்திலிருந்து அளக்கப்பட்டது. நம் கணக்கின் படத்தில் வில் செங்குத்துக் கோட்டைத்தான் தொடுகிறது. ஆகவே கிடைத்தளத்தோடு அம்புக்குறி செய்யும் கோணம் 90° − 53° = 37°.

திரையில் கோணமானியை வைத்து அளந்து பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தாளைச் சாய்வாகப் பிடித்து எடுத்த போட்டோவில் செங்கோணம்கூடச் செங்கோணமாக இருக்காது. பக்கத்தின் இரண்டு ஓரங்களும் மேலே போகப் போக நெருங்கிக்கொண்டே போனால் கேமரா சாய்ந்திருந்தது என்று அர்த்தம். நேர் மேலிருந்து எடுத்த போட்டோவாக இருந்தாலும், வினாத்தாளில் உள்ள படமே அளவுத்திட்டப்படி வரைந்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. படத்திலிருந்து எடுக்க வேண்டியது எது எதைத் தொடுகிறது, எது எதற்கு மேலே இருக்கிறது என்பது மட்டும்தான். அளவுகளை எழுதப்பட்ட எண்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். போட்டோ திரும்பியிருந்தால் கிடைத்தளம் எது என்பதைத் திரையின் விளிம்பை வைத்து முடிவு செய்யாமல், படத்தில் வரைந்துள்ள தரைக்கோட்டை வைத்து முடிவு செய்யுங்கள்.

உயரத்தைக் காட்டும் இரட்டை அம்புக்குறியையும் ஒரு முறை பாருங்கள். அது தரையிலிருந்து பாறை உச்சிவரையா, தரையிலிருந்து பாதையின் உச்சிவரையா? இங்கே பாறை உச்சிவரை, 50 மீட்டர்.

உங்கள் தாளில் ஒரு படம்

சரி, இப்போது போட்டோவை ஒதுக்கிவிட்டு உங்கள் தாளில் புதிதாக ஒரு படம் போடுங்கள். அழகு தேவையில்லை, நான்கு விஷயங்கள் இருந்தால் போதும்.

ஒன்று, ஆதிப்புள்ளி. பந்து கையை விட்டுக் கிளம்பும் இடத்தை O என்று குறியுங்கள். தரையை ஆதியாக வைத்தாலும் கணக்கு வரும். ஆனால் பழகும்வரை எறியும் புள்ளியையே ஆதியாக வைத்துக்கொள்வது எளிது. இரண்டு, திசைகள். வலப்பக்கம் x நேர்க்குறி, மேல்நோக்கி y நேர்க்குறி. இதை எழுதியே வையுங்கள், பின்னால் எல்லாக் குறிகளும் இதைப் பொறுத்தவை. மூன்று, தரையின் இடம். O க்குக் கீழே 50 மீட்டர் என்பதால் தரையில் y = −50. நான்கு, எறியும் அம்புக்குறி. அது பாதையின் தொடக்கத்தில் தொடுகோடாக அமைய வேண்டும், வளைகோட்டை வெட்டிக்கொண்டு போகக்கூடாது.

பாதையின் மேல் இன்னும் இரண்டு அம்புக்குறிகளைச் சேர்த்துவிடுங்கள். உச்சிப் புள்ளியில் திசைவேகம் கிடைத்தளமாக இருக்கும். தரையில் மோதும் இடத்தில் அது வலப்பக்கமும் கீழ்நோக்கியும் சாய்ந்திருக்கும். உச்சியில் பந்து ஒரு கணம் நின்றுவிடுகிறது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். செங்குத்துக் கூறு மட்டும்தான் அங்கே பூஜ்யம். பந்து வலப்பக்கமாகப் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

திசைவேகத்தைப் பிரித்தல்

சூரியன் நேர் உச்சியில் இருக்கும்போது பந்தின் நிழல் தரையில் எப்படி நகரும் என்று யோசித்துப் பாருங்கள். பந்து ஏறினாலும் இறங்கினாலும் அந்த நிழல் ஒரே சீராக வலப்பக்கம் போகும். காரணம், ஈர்ப்பு விசை கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது, பக்கவாட்டில் எதுவும் இழுக்கவில்லை. கலிலியோ 1638 இல் வெளியிட்ட விளக்கத்தின் சாரமும் இதுதான்: கிடைத்தள இயக்கமும் செங்குத்து இயக்கமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதனால் ஒரு சாய்ந்த திசைவேகத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு எளிய கணக்குகளாகப் போட முடிகிறது.

அம்புக்குறியை ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணமாக வரையுங்கள். கிடையான பக்கம் uₓ, நிமிர்ந்த பக்கம் u_y. இப்போது எதற்கு சைன், எதற்கு கொசைன்? "கிடைத்தளத்துக்கு எப்போதும் கொசைன்" என்று மனப்பாடம் செய்தவர்கள் நம் கணக்கில் 25 cos 53° என்று எழுதிவிடுவார்கள், அது தவறு. நினைவில் வைக்க வேண்டியது வேறு: கோணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு கொசைன், கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கத்துக்கு சைன். செங்குத்திலிருந்து கோணத்தை அளந்தால் அதைத் தொடும் பக்கம் செங்குத்துதான், ஆகவே கொசைன் அதற்குப் போகும்.

u_y = 25 cos 53° = 25 × 0.6 = 15 m s⁻¹

uₓ = 25 sin 53° = 25 × 0.8 = 20 m s⁻¹

37° ஆக மாற்றிக்கொண்டு செய்தாலும் இதே எண்கள்தான்: uₓ = 25 cos 37° = 20, u_y = 25 sin 37° = 15. 37°, 53° இரண்டும் பக்கங்கள் 3, 4, 5 ஆக உள்ள முக்கோணத்தின் கோணங்களுக்கு மிக நெருக்கமானவை. அதனால்தான் கணக்கு எழுதுபவர்களுக்கு இவை பிடிக்கும். கால்குலேட்டரில் போட்டால் 15.05, 19.97 என்று வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கால்குலேட்டர் என்றதும் ஓர் எச்சரிக்கை. அது ரேடியனில் இருந்தால் sin 37 என்பதற்குச் சுமார் −0.64 என்று காட்டும். மேல்நோக்கி எறிந்த பந்தின் செங்குத்துக் கூறு எதிர்க்குறியில் வந்தால், கணக்கைத் திரும்பப் போடுமுன் கால்குலேட்டரை டிகிரிக்கு மாற்றுங்கள்.

பிரித்த பிறகு இரண்டு சோதனைகள். 20² + 15² = 625 = 25², வேகம் சரியாகத் திரும்பக் கிடைத்தது. ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. சைனும் கொசைனும் இடம் மாறியிருந்தாலும் இது சரியாகவே வரும். இரண்டாவது சோதனைதான் அந்தத் தவறைப் பிடிக்கும்: கிடைத்தளத்தோடு உள்ள கோணம் 45° க்குக் குறைவு என்றால் uₓ பெரிதாக இருக்க வேண்டும், கூடுதல் என்றால் u_y பெரிதாக இருக்க வேண்டும். நமக்கு 37°, uₓ பெரிது, சரி.

தாளை இரண்டாகப் பிரியுங்கள்

தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் "கிடைத்தளம்", வலப்பக்கம் "செங்குத்து" என்று எழுதுங்கள். ஒரு பக்கத்து எண் மறுபக்கச் சமன்பாட்டுக்குள் போகக்கூடாது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது நேரம் t மட்டுமே.

கிடைத்தளம்: uₓ = 20, முடுக்கம் 0, x = 20t

செங்குத்து: u_y = 15, முடுக்கம் −10, y = 15t − 5t², v_y = 15 − 10t

மேலே ஏறும்போது g எதிர்க்குறி, இறங்கும்போது நேர்க்குறி என்று மாற்றிக்கொண்டே போவது சிலருக்குப் பழக்கம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மேல்நோக்கி நேர்க்குறி என்று முடிவு செய்தாகிவிட்டது, எனவே பந்து ஏறினாலும் இறங்கினாலும் முடுக்கம் −10 தான். இந்த ஒரே சமன்பாடு ஏற்றம், உச்சி, இறக்கம் மூன்றையும் பார்த்துக்கொள்ளும், பாதையைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டியதில்லை.

நேரத்தைக் கண்டுபிடித்தல்

பந்து தரையைத் தொடும்போது y = −50. செங்குத்துப் பக்கத்தில் போடுங்கள்:

−50 = 15t − 5t²

t² − 3t − 10 = 0

(t − 5)(t + 2) = 0

t = 5 வினாடி அல்லது t = −2 வினாடி. (அ) வின் விடை 5 வினாடி.

−2 ஐ அடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். விடைக்கு அது தேவையில்லை என்பது சரிதான். ஆனாலும் அது வெற்று எண் இல்லை. வளைகோட்டைப் பாறைக்குப் பின்பக்கமாக, O க்கு இடப்பக்கத்தில் நீட்டினால் அது தரை மட்டத்தை எங்கே தொடும் என்பதை அது சொல்கிறது. தரையிலிருந்து தகுந்த வேகத்தில் 2 வினாடிக்கு முன்பே கிளம்பிய ஒரு பந்து, இப்போது O வழியாக இதே 25 m s⁻¹ வேகத்தில் இதே சாய்வில் போனால், அதற்கு மேல் இரண்டு பந்துகளின் பாதையும் ஒன்றுதான். இதிலிருந்து ஒரு நல்ல சரிபார்ப்பு கிடைக்கிறது: 5 க்கும் −2 க்கும் நடுப்புள்ளி 1.5. பந்து உச்சியை எட்டும் நேரம் சரியாக இதுவாகத்தான் இருக்க வேண்டும். v_y = 0 என்று போட்டால் 15 − 10t = 0, t = 1.5. ஒத்துப்போகிறது.

இங்கே குறியை மறந்து +50 என்று போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். t² − 3t + 10 = 0 வரும். வர்க்கமூலத்துக்குள் 9 − 40 = −31. விடையே இல்லை. எறிந்த இடத்துக்கு மேலே 50 மீட்டரில் பந்து எப்போது இருக்கும் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், பந்து அவ்வளவு உயரம் போவதே இல்லை என்று சமன்பாடு பதில் சொல்கிறது. வர்க்கமூலத்துக்குள் எதிர்க்குறி எண் வந்தால் முதலில் y இன் குறியைப் பாருங்கள்.

மற்ற மூன்று விடைகள்

தொலைவுக்குக் கிடைத்தளப் பக்கம்: x = 20 × 5 = 100 மீட்டர். இந்த இடத்தில் R = u² sin 2θ / g என்ற சூத்திரம் கை தானாக எழுதிவிடும். அதில் போட்டால் 60 மீட்டர் வரும். எறிந்த அதே மட்டத்துக்குத் திரும்பும்போது உள்ள தொலைவு அது. நம் பந்து 60 மீட்டர் தள்ளிப் பாறை உச்சியின் மட்டத்துக்குத் திரும்பி, அதற்குப் பிறகும் 50 மீட்டர் கீழே இறங்குகிறது. போட்டோவில் உள்ள படத்தில் பாதையின் இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் இல்லை என்பதைப் பார்த்தாலே இந்தச் சூத்திரத்தை எடுக்கக்கூடாது என்று தெரிந்துவிடும்.

உயரத்துக்கு t = 1.5 ஐச் செங்குத்துப் பக்கத்தில் போடுங்கள்: y = 15 × 1.5 − 5 × 2.25 = 22.5 − 11.25 = 11.25 மீட்டர். கேட்டது தரையிலிருந்து என்பதால் 50 + 11.25 = 61.25 மீட்டர். பாதி மதிப்பெண் போவது இந்தக் கூட்டலை விட்டுவிடுவதால்தான். நம் ஆதி O இல் இருக்கிறது, எனவே சமன்பாடு தரும் y எல்லாம் O இலிருந்து அளந்தவை. கேள்வியில் "தரையிலிருந்து" என்ற சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள்.

மோதும் திசைவேகத்துக்கு இரண்டு கூறுகளையும் தனித்தனியே எடுங்கள். vₓ மாறவே இல்லை, 20. v_y = 15 − 10 × 5 = −35. எதிர்க்குறி கீழ்நோக்கி என்று சொல்கிறது. எண்மதிப்பு √(20² + 35²) = √1625, சுமார் 40.3 m s⁻¹. திசை: 35 ஐ 20 ஆல் வகுத்தால் 1.75, அதற்குரிய கோணம் சுமார் 60°. "கிடைத்தளத்துக்குக் கீழே 60°" என்று எழுத வேண்டும். கேள்வி திசைவேகம் என்று கேட்டிருக்கும்போது 40.3 என்று மட்டும் எழுதி நிறுத்தினால் விடை முழுமையாகாது.

இதை ஆற்றல் வழியாகவும் சரிபார்க்கலாம். v² = u² + 2gh = 625 + 2 × 10 × 50 = 1625. கோணமே வராத சமன்பாடு இது. எனவே கூறுகளாகப் பிரித்ததில் தவறு இருந்தாலும் வேகம் மட்டும் சரியாக வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பாதையைப் புள்ளி புள்ளியாக வரைதல்

விடைகள் கிடைத்த பிறகு பாதையை அளவுத்திட்டத்தோடு ஒரு முறை வரைந்துவிடுங்கள். 1 செ.மீ. = 10 மீட்டர் என்று வைத்தால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு வினாடிக்கும் x, y:

t = 0: (0, 0)
t = 1: (20, 10)
t = 2: (40, 10)
t = 3: (60, 0)
t = 4: (80, −20)
t = 5: (100, −50)

x வரிசையில் ஒவ்வொரு முறையும் 20 கூடுகிறது, முடுக்கம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. y இல் ஏற்படும் மாற்றங்களைப் பாருங்கள்: +10, 0, −10, −20, −30. மாற்றம் ஒவ்வொரு வினாடியும் 10 குறைந்துகொண்டே போகிறது, அதுதான் g. இந்த இரண்டு ஒழுங்குகளில் ஒன்று கெட்டாலும் கூட்டலிலோ பெருக்கலிலோ எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள் என்று பொருள். எந்த இடத்தில் ஒழுங்கு கெடுகிறதோ அந்த வினாடியின் கணக்கை மட்டும் பார்த்தால் போதும்.

புள்ளிகளை வளைவாகச் சேர்த்தால் பரவளையம் கிடைக்கும். உச்சி (30, 11.25) இல் வரும், 1 வினாடிக்கும் 2 வினாடிக்கும் சரி நடுவில். t = 1 இலும் t = 2 இலும் உயரம் ஒன்றாக இருப்பது அதனால்தான். கோட்டின் முடிவுப் பகுதியை நேர்க்கோடாக இழுத்துவிடாதீர்கள். பந்து இறங்க இறங்கப் பாதை செங்குத்தாகிக்கொண்டே போகும், ஆனால் uₓ இருக்கும்வரை முழுச் செங்குத்தாக ஒருபோதும் ஆகாது.

இந்த வரைபடம் காற்றுத் தடை இல்லாதபோது மட்டும்தான் பொருந்தும். உண்மையான பந்து காற்றில் இந்த வேகத்தில் போனால் கிடைத்தளக் கூறும் குறைந்துகொண்டே போகும். இறங்கும் பக்கம் இன்னும் செங்குத்தாகும், பந்து 100 மீட்டருக்கு முன்பே விழும்.

கோணத்தைத் தவறாகப் படித்திருந்தால்

போட்டோவில் வில் மங்கலாக இருந்து, 53° ஐக் கிடைத்தளக் கோணம் என்று எடுத்துக்கொண்ட ஒருவரின் விடைத்தாளைப் பார்ப்போம். அவருக்கு uₓ = 15, u_y = 20. தரைக்கு வரும் சமன்பாடு t² − 4t − 10 = 0, நேரம் 2 + √14, அதாவது சுமார் 5.74 வினாடி. தொலைவு சுமார் 86 மீட்டர். உச்சி O க்கு மேலே 20 மீட்டர். மோதும் வேகமோ அதே 40.3. எந்த எண்ணிலும் அபத்தம் தெரியாது. நேரம் முழு எண்ணாக வராததுதான் ஒரே சிறு துப்பு. எண்களைப் பார்த்துப் பொறுக்கி எழுதிய கணக்கில் √14 வந்தால் திரும்பிப் பார்ப்பது நல்லது. அதுவும் வெறும் துப்புதான், நிரூபணம் ஆகாது.

இதே தவறு சமதளக் கணக்கில் இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். எறிந்த மட்டத்திலேயே விழும்போது நெடுக்கம் 2 × uₓ × u_y / g. இரண்டு கூறுகளையும் பெருக்குவதால் அவை இடம் மாறினாலும் விடை மாறாது. 37° க்கும் 60 மீட்டர், 53° க்கும் 60 மீட்டர். கூட்டினால் 90° வரும் எந்த இரண்டு கோணங்களுக்கும் இப்படித்தான். நெடுக்கம் விடைக்குறிப்போடு ஒத்துப்போனதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம், பறக்கும் நேரமும் பெரும உயரமும் மட்டும் தவறாக நிற்கும். ஆகவே நெடுக்கம் சரியாக வந்து உயரம் மட்டும் பொருந்தவில்லை என்றால் சூத்திரத்தைத் திட்டவேண்டாம், போட்டோவுக்குத் திரும்பிப்போய் அந்த வில் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பாருங்கள்.

வில் தெரியவே இல்லை என்றால் அனுப்பியவரிடம் அந்தப் படத்தை மட்டும் கிட்டத்தில், நேர் மேலிருந்து, இன்னொரு முறை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், எந்தக் கோணம் என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தால்

இதே பாறை, இதே 25 m s⁻¹, ஆனால் படத்தில் அம்புக்குறி கிடைத்தளத்துக்குக் கீழே 37° சாய்ந்திருந்தால்? கூறுகளின் அளவு அதேதான், u_y க்கு மட்டும் எதிர்க்குறி: uₓ = 20, u_y = −15. குறியை விட்டுவிட்டால் பந்தை மேல்நோக்கி எறிந்த பழைய கணக்கையே திரும்பப் போட்டதாகிவிடும்.

−50 = −15t − 5t²

t² + 3t − 10 = 0

(t − 2)(t + 5) = 0

t = 2 வினாடி. முதல் கணக்கில் நாம் ஒதுக்கிவைத்த எண் இங்கே குறி மாறி விடையாக வருகிறது. O க்கு இடப்பக்கம் நீட்டிய அந்தப் பாதையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல வலப்பக்கம் திருப்பிப் போட்டால், கீழ்நோக்கி எறிந்த பந்தின் பாதை அதுவேதான். தொலைவு 20 × 2 = 40 மீட்டர். மோதும்போது v_y = −15 − 20 = −35, வேகம் மறுபடியும் 40.3 m s⁻¹, சாய்வும் அதே 60°. பெரும உயரம் மட்டும் வேறு: இந்தப் பாதையில் உச்சி என்று தனியாக ஒன்று கிடையாது, எறிந்த இடமே மிக உயரமான புள்ளி. (இ) க்கு விடை 50 மீட்டர். v_y = 0 என்று போட்டால் t = −1.5 வரும், எறிவதற்கு முந்தைய நேரம் அது, அதை எடுக்கக்கூடாது.